ரோட்டைப் பார்த்த ஜன்னல்: பிளைண்ட்ஸா, நெட் திரையா, ஃப்ராஸ்டட் ஃபிலிமா?

தண்டையார்பேட்டை தரைத்தளம் | ஏப்ரல் 6, 2024, இரவு 9.40

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தரைத்தள வீடு. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டதால் மாடி வீட்டை விட்டு இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. முன்னறை ஜன்னல் நேராக நடைபாதையில், எதிரே பஸ் நிறுத்தம். ஐந்தடி அகலம், நாலடி உயரம், அலுமினியம் ஸ்லைடிங், வெளியே கிரில். அம்மாவின் கட்டில் அந்த அறையில்தான். போகிற வருகிற எல்லோரும் கட்டிலைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு வேறு வேலை இல்லை.

முழுசாக மறைத்துவிடலாம்தான், ஆனால் அம்மா நாள் முழுக்க அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்த பஸ் வந்தது, யார் இறங்கினார்கள் என்று மாலையில் எனக்குச் சொல்வார். அவருக்கு வெளியே தெரிய வேண்டும், வெளியே இருப்பவர்களுக்கு அவர் தெரியக் கூடாது. கடையில் மூன்று சொன்னார்கள்: பிளைண்ட்ஸ், மெல்லிய நெட் திரை, பாலாடை மாதிரி வெள்ளையாக இருக்கும் ஃப்ராஸ்டட் ஃபிலிம். மூன்றையும் வாங்கிப் பார்க்க என்னிடம் காசில்லை. ஒன்று சொல்லுங்கள்.

ராயபுரம் நாலாவது மாடி | ஏப்ரல் 6, இரவு 10.15

மூன்றும் வேண்டாம். மிரர் ஃபிலிம் ஒட்டுங்கள், ஒன்வே. உள்ளிருந்து எல்லாம் தெரியும், வெளியே கண்ணாடி மாதிரி அவர்கள் முகம்தான் தெரியும். எங்கள் அலுவலகத்தில் ஒட்டி ஆறு வருடம், ஒரு குறையும் இல்லை.

பழைய அம்பாசிடர் | ஏப்ரல் 6, இரவு 10.50

ஃபிலிம் ஒட்டாதீர்கள். 2012-லேயே உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்துவிட்டது. போலீஸ் நிறுத்திக் கிழித்த கதை எனக்கு உண்டு.

தண்டையார்பேட்டை தரைத்தளம் | ஏப்ரல் 7, காலை 6.30

அது கார் கண்ணாடிக்கு சார். இது வீட்டு ஜன்னல்.

ராயபுரம், உங்கள் அலுவலகம் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுமா?

ராயபுரம் நாலாவது மாடி | ஏப்ரல் 7, காலை 9.05

ஐந்தரைக்கு. ஏன்?

கண்ணாடி வேலை 22 வருடம் | ஏப்ரல் 7, மதியம் 1.20

அந்தம்மா கேட்டதிலேயே பதில் இருக்கிறது தம்பி. மிரர் ஃபிலிம் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம்தான் கண்ணாடியாக நிற்கும். பகலில் ரோடு வெளிச்சம், அறை இருட்டு, அதனால் வெளியே இருப்பவனுக்கு அவன் முகம் தெரிகிறது. ராத்திரி டியூப்லைட் போட்டால் அப்படியே திரும்பிவிடும். உள்ளே இருப்பவர் தன் முகத்தைப் பார்ப்பார், ரோட்டில் போகிறவன் வீட்டைப் பார்ப்பான். அவருக்கு வெளியே தெரியவே தெரியாது என்பதால் தான் தெரிகிறோம் என்றும் தெரியாது. இதைக் கழற்றித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் நிறைய.

நெட் திரைக்கும் இதே கதைதான். பகலில் வெள்ளை நூல் மேல் வெயில் பட்டு அதுவே பளிச்சென்று தெரியும், அதற்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குப் படாது. ராத்திரி உள்ளே விளக்கு வந்தால் நூல் மறைந்து ஆள் தெரிவார்.

இன்னொன்று, மேற்குப் பார்த்த சாதாரணக் கண்ணாடியில் மிரர் ஃபிலிம் ஒட்டும்போது யோசிக்க வேண்டும். சன்ஷேட் நிழல் மேல்பாதியில், வெயில் கீழ்பாதியில் என்று விழுந்தால் ஒரே கண்ணாடியில் ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் ஆறியிருக்கும். ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். வெள்ளை ஃப்ராஸ்டடில் அந்தப் பயம் ரொம்பக் குறைவு.

உங்கள் ஜன்னல் எந்தத் திசை? அடி ரோட்டிலிருந்து எவ்வளவு உயரம்? அம்மா உட்காருவது ஜன்னலிலிருந்து எத்தனை அடி? அளந்து போடுங்கள். அளவில்லாமல் சொல்வது வீண்.

தண்டையார்பேட்டை தரைத்தளம் | ஏப்ரல் 8, இரவு 8.55

நேற்று இரவு தம்பியை வெளியே நிற்க வைத்தேன். பழைய வெள்ளைப் புடவை ஒன்றை ஒரு பாதியில் தொங்கவிட்டு, இன்னொரு பாதியில் பட்டர் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டி, டியூப்லைட்டைப் போட்டு நான் உள்ளே நடந்தேன். அவன் போனில் படம் பிடித்தான்.

புடவை பக்கம் என் நைட்டியின் பூ வரை தெரிகிறது. பட்டர் பேப்பர் பக்கம் நான் நாலடி தள்ளி நின்றபோது ஏதோ நிறம் நகர்கிற மாதிரி மட்டும். கண்ணாடியை ஒட்டி வந்து நின்றதும் கை, விரல், கொண்டை எல்லாம் கறுப்பு வெட்டுருவமாக விழுகிறது, தோல்பாவைக்கூத்து மாதிரி. டியூப்லைட் ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் இருக்கிறது, அதனால்தான் என்று தம்பி சொன்னான். மேசை விளக்கை ஜன்னல் இருக்கும் சுவரிலேயே வைத்து டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தோம். நிழல் பின்சுவருக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து வெறும் மஞ்சள் வெளிச்சம்தான்.

நெட் திரை மட்டும் போதும் என்ற எண்ணம் நேற்றோடு போயிற்று.

அளவு நாளை போடுகிறேன்.

கோவை பீளமேடு | ஏப்ரல் 8, இரவு 10.30

எங்கள் பாத்ரூம் ஜன்னலில் ஒட்டினோம், ஒரே வாரத்தில் உரிந்து வந்துவிட்டது. ஃபிலிம் தரமே இல்லாத பொருள்.

கண்ணாடி வேலை 22 வருடம் | ஏப்ரல் 9, காலை 7.10

பீளமேடு, உங்கள் கண்ணாடியைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கிறதா? பாத்ரூமுக்குப் பெரும்பாலும் பூப்போட்ட கண்ணாடிதான் போடுவார்கள். மேடு பள்ளத்தில் பசை மேட்டில் மட்டும்தான் தொடும், நிற்காது. வழவழப்பான பக்கம் உள்ளே இருந்தால் அதில் ஒட்டலாம். இரண்டு பக்கமும் சொரசொரப்பு என்றால் ஃபிலிமே தேவையில்லை, அந்தக் கண்ணாடியே மறைக்கும்.

கோவை பீளமேடு | ஏப்ரல் 9, காலை 8.00

ஆமாம், சொரசொரப்புதான். கடைக்காரர் கேட்கவே இல்லை.

ராயபுரம் நாலாவது மாடி | ஏப்ரல் 9, காலை 9.30

சரி, ராத்திரி விஷயம் நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் பட்டை பிளைண்ட்ஸ். வேண்டும்போது திறக்கலாம், மூடலாம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் மூடினால் மூடினதுதான்.

தண்டையார்பேட்டை தரைத்தளம் | ஏப்ரல் 9, இரவு 9.15

அளவுகள். ஜன்னல் மேற்கு. கட்டைச்சுவர் அறைத் தரையிலிருந்து இரண்டரை அடி, ஜன்னல் அங்கிருந்து நாலடி, ஆக மேல்விளிம்பு ஆறரை அடி. வீட்டுத் தரை ரோட்டைவிட ஒரே ஒரு அடி உயரம். கட்டும்போது மூன்றடி பேஸ்மட்டம் போட்டாராம் வீட்டுக்காரர். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டே ரோடு ஏறி வந்துவிட்டது. இதுதான் எங்கள் பிரச்சினையின் பாதி. மூன்றடி அப்படியே இருந்திருந்தால் நடந்து போகிறவர் கண் ஜன்னல் கட்டைக்கும் கீழேயே இருந்திருக்கும்.

இப்போது நடப்பவரின் கண் ரோட்டிலிருந்து சுமார் ஐந்தடி, அதாவது எங்கள் தரையிலிருந்து நாலடி. அம்மா கட்டிலில் உட்கார்ந்தால் அவர் கண்ணும் கிட்டத்தட்ட அதே நாலடி. இரண்டு பேரும் நேருக்கு நேர். அவருக்காக அந்த உயரத்தில் ஒரு பட்டை கண்ணாடியை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அது அப்படியே ரோட்டில் போகிறவருக்கும் விட்ட பட்டையாகிவிடும்.

கட்டில் ஜன்னலிலிருந்து பத்தடி, பின்சுவர் ஓரம். எதிரே ரோட்டைத் தாண்டி முதல் மாடி பால்கனி ஒன்று, இங்கிருந்து நாற்பதடி இருக்கும். அங்கே எப்போதும் ஆள் உண்டு.

ராயபுரம், பிளைண்ட்ஸ் பற்றி: கடையில் ஒரு இஞ்சு பட்டை வைத்த மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழுசாக மூடினால் சரி, பாதி சாய்க்கும்போது பக்கம் முக்கியம். பட்டையின் அறைப்பக்க விளிம்பு மேலேயும் ரோட்டுப்பக்க விளிம்பு கீழேயும் இருந்தால், வெளியே நிற்பவர் கண் இடுக்கு வழியே கூரைக்குப் போகிறது, மாடிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. மாற்றிச் சாய்த்தால் மாடிக்காரருக்கு எங்கள் தரை, கட்டில் எல்லாம் தெரியும். ஆனால் நல்ல சாய்ப்பில் அம்மாவுக்குத் தெரிவது நடைபாதைக் கால்கள் மட்டும்தான், பஸ் தெரியாது.

காரைக்குடிப் பேத்தி | ஏப்ரல் 9, இரவு 11.05

பிளைண்ட்ஸைத் துடைக்கப் போவது யார்? எங்கள் வீட்டில் ஒவ்வொரு பட்டையாகத் துடைத்து அலுத்து, எடுத்துப் பரணில் போட்டோம். உங்கள் ரோட்டுத் தூசிக்கு ஒரு வாரம் தாங்காது.

ஆயா வீட்டு ஜன்னலில் மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேல்கதவைத் திறந்து வைப்பார்கள். காற்று வரும், தெருவில் போகிறவருக்கு உத்தரம்தான் தெரியும். கீழ்க்கதவைத் திறந்திருக்கிற நேரத்துக்கு ஸ்பிரிங் கம்பியில் ஒரு அரைத்திரை. ஃபிலிம் கிலிம் எல்லாம் கண்ணாடி மூடியிருக்கும்போதுதானே? ஏப்ரல் மாதத்தில் ஜன்னலை மூடி வைப்பீர்களா?

தண்டையார்பேட்டை தரைத்தளம் | ஏப்ரல் 10, காலை 6.10

இதை நான் யோசிக்கவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கேயிருந்து பின்வாசல் வழியாக வரும், இந்த மேற்கு ஜன்னல் திறந்திருந்தால்தான் அது வீட்டைத் தாண்டிப் போகும். மூடினால் காற்றே நகராது. அம்மா வியர்வையில் நனைந்துவிடுவார். கண்ணாடி முழுக்க ஃபிலிம் ஒட்டினால் மூடினால் புழுக்கம், திறந்தால் பழையபடி.

கண்ணாடி வேலை 22 வருடம் | ஏப்ரல் 10, மதியம் 2.00

உங்கள் அளவை வைத்துச் சொல்கிறேன். ஃபிலிமோ அரைத்திரையோ, தரையிலிருந்து ஐந்தடி வரை மறைத்தால் போதும், அதாவது கட்டையிலிருந்து இரண்டரை அடி. நடைபாதையில் மூன்றடி தள்ளி நடப்பவர் கண் நாலடியில் இருக்கிறது. ஐந்தடி விளிம்புக்கு மேல் அவர் பார்த்தால் பார்வை மூன்றடிக்கு ஒரு அடி ஏறும். ஜன்னலுக்குள் மூன்றடி போனதும் ஆறடிக்கு மேல்தான் அவருக்குத் தெரியும். மின்விசிறியைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

பால்கனி வேறு. அவர் கண் உங்கள் தரைக்குப் பதினாலு அடி மேலே. ஐந்தடி விளிம்புக்கு ஒன்பது அடி இறங்கி வருகிறது, நாற்பதடி தூரத்தில். அதே சரிவில் உள்ளே பத்தடி வந்தால் இன்னும் இரண்டேகால் அடி இறங்கும். அதாவது உங்கள் கட்டில் இருக்கும் இடத்தில் இரண்டே முக்கால் அடிக்கு மேல் எல்லாம் அவருக்குத் தெரியும். அம்மா படுத்தால் தெரியாது, உட்கார்ந்தால் மார்புக்கு மேல் தெரியும்.

கட்டிலை ஜன்னலுக்கு மூன்றடியில் கொண்டு வந்து பாருங்கள். அங்கே பார்வை முக்கால் அடிகூட இறங்காது, நாலேகால் அடிக்கு மேல்தான் தெரியும். உட்கார்ந்த ஆளின் உச்சந்தலைதான் அந்த உயரம்.

ராயபுரம் நாலாவது மாடி | ஏப்ரல் 10, மாலை 6.40

மறைக்க வேண்டும் என்று கேட்டால் ஜன்னலுக்குக் கிட்டே போகச் சொல்கிறீர்களே அண்ணா!

கண்ணாடி வேலை 22 வருடம் | ஏப்ரல் 10, இரவு 7.30

மேலேயிருந்து பார்ப்பவனுக்கு ஜன்னல் சுவரோரம்தான் மறைவு தம்பி. ரோட்டில் நடப்பவனுக்கு ஃபிலிம் இருக்கிறது. நாலாவது மாடியில் இருக்கிறீர்கள், கீழே எதிர்வீட்டை ஒருமுறை பாருங்கள், எந்தச் சுவர் தெரியவில்லை என்று தெரிந்துவிடும்.

தண்டையார்பேட்டை தரைத்தளம் | ஏப்ரல் 14, மாலை 4.20

புத்தாண்டு விடுமுறையில் தம்பி இருந்தான், கட்டிலை நகர்த்தினோம். முதலில் ஃபிலிமுக்குப் பதில் செய்தித்தாளை ஐந்தடி உயரம் வரை ஒட்டிவிட்டு, எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டு அவர்கள் பால்கனிக்கே போய்ப் பார்த்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது சீப்பு மேலே வந்து வந்து போவது மட்டும்தான். அங்கே நின்று கண் கலங்கிவிட்டது. ஐந்து வாரமாக எதிர்வீட்டார் முன்னால் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இன்று சாவகாசமாகத் தலை வாருகிறார்.

ஆனால் செய்தித்தாள் ஒட்டியதிலிருந்து அவருக்கு பஸ் தெரியவில்லை. ஒரு நாள் பொறுத்தார். இன்று காலை, "இதுக்கு சுவராவே கட்டியிருக்கலாமேடி" என்றார். அவர் சொல்வது நியாயம்.

தண்டையார்பேட்டை தரைத்தளம் | ஏப்ரல் 15, இரவு 10.10

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். இங்கு வந்து ஐந்து வாரம் ஆகவில்லை, நாலு வாரம்தான்.

அப்புறம், எங்கள் ஜன்னலில் மூன்று டிராக். இரண்டு கண்ணாடிக் கதவு, ஒன்று கொசுவலைக் கதவு. வலை வெள்ளை, ஓரமெல்லாம் கிழிசல். இன்று பகலில் இடது கண்ணாடியில் மட்டும் செய்தித்தாளை விட்டுவிட்டு, வலது பக்கம் கண்ணாடியைத் தள்ளிவிட்டு வலைக் கதவை வைத்தேன். வெயில் நேரத்தில் வெள்ளை வலை வழியாக அம்மாவுக்குப் பனி மூட்டம் மாதிரிதான் ரோடு தெரிகிறது. பஸ் வருவது தெரிகிறது, நம்பர் தெரியவில்லை.

கண்ணாடி வேலை 22 வருடம் | ஏப்ரல் 16, காலை 7.45

கறுப்பு வலை மாற்றுங்கள். வெள்ளை நூல் வெயிலை வாங்கி அவர் கண்ணுக்கே திருப்பி அடிக்கிறது. கறுப்பு நூல் அப்படிச் செய்யாது, உள்ளே இருப்பவருக்கு வலை இருப்பதே மறந்துபோகும். வெளியே இருப்பவனுக்கு இருட்டு அறை, அதற்கு முன்னால் கறுப்பு வலை. பகலில் நடந்து போகிறவனுக்கு ஒன்றும் பிடிபடாது. நின்று, கையை நெற்றியில் வைத்து எட்டிப் பார்த்தால் தெரியும். அதற்கு மருந்தில்லை.

இடது கதவுக்கு மட்டும் ஃபிலிம். இரண்டரைக்கு இரண்டரை, ஆறேகால் சதுர அடி. நீங்களே ஒட்டலாம். கண்ணாடியை நன்றாகத் துடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு விட்டு, கண்ணாடியிலும் ஃபிலிமின் பசைப் பக்கத்திலும் தாராளமாகத் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை நகர்த்திச் சரிசெய்யலாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளுங்கள். ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஸ்லைடிங் கதவில் குஞ்சம் மாதிரி ஒரு பிரஷ் பட்டை இருக்கும், ஃபிலிம் விளிம்பு அதில் உரசினால் மாதம் ஒன்றில் தூக்கிக்கொள்ளும். முதல் சில நாள் உள்ளே நீர்த்திட்டு தெரியும், பயப்படாதீர்கள், காய்ந்துவிடும். தூசி சிக்கினால் மட்டும் காயாது, அது அங்கேயே இருக்கும்.

தண்டையார்பேட்டை தரைத்தளம் | ஏப்ரல் 21, இரவு 9.30

செய்துவிட்டேன். ஃபிலிமில் கீழ்மூலையில் ஒரு மயிரிழை சிக்கியிருக்கிறது, அம்மாவுடைய வெள்ளை முடி. பிரித்து ஒட்டினால் இன்னும் கெடும் என்று விட்டுவிட்டேன்.

வலது பக்கம் கறுப்பு வலை. இன்று காலை பத்து மணிக்கு நடைபாதையில் நானே நாலு முறை நடந்து பார்த்தேன். அம்மா அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்திருந்தும் கண்ணுக்குப் படவில்லை, உள்ளேயிருந்து அவர் கூப்பிட்ட குரல்தான் கேட்டது. பஸ் நம்பரை அவர் சத்தமாகப் படித்தார்.

இரவுக்கு: வலது பாதியில் ஐந்தடி உயரத்தில் ஸ்பிரிங் கம்பி, அதில் கனத்த காட்டன் அரைத்திரை, காரைக்குடிப் பேத்தி சொன்னபடி. டியூப்லைட்டுக்குப் பதில் ஜன்னல் சுவரிலேயே ஒரு பல்பு. திரைக்கு மேலே ஒன்றரை அடி திறந்திருக்கிறது, காற்று போகிறது. இந்தத் திரையை எப்போது இழுப்பது என்பதற்கு எங்கள் வீட்டுக் கணக்கு: விளக்குப் போடப் போகிற கையோடு திரை. முதலில் திரை, அப்புறம்தான் சுவிட்ச்.

காரைக்குடிப் பேத்தி | ஏப்ரல் 21, இரவு 10.00

ஆயாவும் அப்படித்தான், கீழ்க்கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்கேற்றுவார்.

பழைய அம்பாசிடர் | ஏப்ரல் 22, காலை 8.20

வாடகை வீடுதானே? காலி செய்யும்போது ஃபிலிமை உரிக்கச் சொன்னால்?

கண்ணாடி வேலை 22 வருடம் | ஏப்ரல் 22, மதியம் 1.00

வெந்நீர் ஒற்றி மெதுவாக ஒரு மூலையிலிருந்து உரித்தால் வரும். பல வருடம் மேற்கு வெயிலில் இருந்தால் துண்டு துண்டாகத்தான் வரும், பசை கண்ணாடியில் தங்கும், பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டும். ஒரு நாள் வேலை.

தண்டையார்பேட்டை தரைத்தளம் | மே 9, மாலை 5.15

வெயில் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். வெள்ளை ஃபிலிம் கண் கூசுவதைக் குறைக்கிறது, சூட்டைக் குறைத்த மாதிரி தெரியவில்லை. மூன்று மணிக்கு மேல் கண்ணாடியில் கை வைக்க முடியாது, கட்டில் இப்போது அதற்குப் பக்கத்தில். கட்டில் பத்தடியில் இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. மூன்றிலிருந்து ஐந்தரை வரை அம்மாவைப் பின்னறையில் உட்கார வைக்கிறேன், ஆனால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறுகிற நேரம் அதுதான், அவருக்கு அதுதான் பிடித்த நேரம். இப்போது விடுமுறை, ஜூனில் திறந்ததும் கேட்பார். சன்ஷேடிலிருந்து வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், கண்ணாடிக்கு வருவதற்கு முன்பே வெயிலை நிறுத்தினால்தான் சூடு குறையும் என்று தோன்றுகிறது. நடைபாதைக்கு மேல் நீட்டக் கூடாது என்கிறார். கிரில்லுக்கும் சன்ஷேட் விளிம்புக்கும் நடுவில் ஒன்றேகால் அடி இருக்கிறது. அதற்குள் கட்டி, வலைக்கு எதிரே மட்டும் சுருட்டி வைக்கிற மாதிரி யாராவது செய்திருக்கிறீர்களா?